இல்லாத உடைக்கு மடிப்பு வரைதல்

கேள்வி: கற்பனையில் ஒரு புது உடையை உருவாக்கி வரைகிறேன். உடல் சரியாக வருகிறது, உடையின் வடிவமும் பிடித்திருக்கிறது. ஆனால் முழங்கை, இடுப்பு, தோள் மூன்றிலும் மடிப்புகள் பொய்யாகத் தெரிகின்றன. பார்த்து வரைய அந்த உடையே இல்லாதபோது மடிப்பு எங்கே, எத்தனை, எப்படி விழும் என்று எதை வைத்து முடிவு செய்வது?

பதில்:

மடிப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அந்த உடையை மனத்துக்குள் தைத்து முடித்துவிடுங்கள். உடலுக்குத் தேவையான அளவுக்கு மேல் இருக்கும் துணி ஒதுங்கிக்கொள்ளும் இடமே மடிப்பு. எனவே எந்த இடத்தில் எவ்வளவு துணி மிச்சம் இருக்கிறது, அந்தத் துணியை எது எங்கே பிடித்து நிறுத்துகிறது, அது எவ்வளவு கனமானது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், பார்த்து வரைய உடை இல்லாமலேயே மடிப்புகளைப் பெரும்பாலும் கணக்கிட்டுவிடலாம். இந்த மூன்றையும் முடிவு செய்யாமல் தூரிகையை எடுத்தால், கை தனக்குப் பழக்கமான வளைகோடுகளையே எல்லா முழங்கையிலும் போடும். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் வரைந்தேன். பட்டுச் சட்டைக்கும் கம்பளிக் கோட்டுக்கும் ஒரே மூன்று கோடுகள் வந்து விழுந்தன.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஓர் உடையை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் இறுதி வரை செய்து காட்டுகிறேன். கனத்த பருத்தித் துணியில், தொடையின் பாதி வரை நீளும் ஒரு கோட்டு. நடுவில் பொத்தான் பட்டி, இடுப்பில் பெல்ட், தோளில் தனியாக வெட்டிப் பொருத்திய கை. அதை அணிந்தவர் நம்மைப் பார்த்து நிற்கிறார். வலது கையை உயர்த்தித் தலைக்கு மேலே கதவுச் சட்டத்தைப் பிடித்திருக்கிறார். இடது கையை இடுப்பில் ஊன்றியிருக்கிறார். உடல் எடை இடது காலில் இருக்கிறது. வெளிச்சம் நமக்கு இடப்பக்கம் மேலிருந்து, அதாவது உயர்த்திய கையின் பக்கமிருந்து வருகிறது. இந்த நிலையை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். உடலின் ஒரு பக்கம் நீள்கிறது, மறுபக்கம் நெரிகிறது என்பதால், ஒரே துணி இரண்டு விதமாக நடந்துகொள்வதை இதில் பார்க்கலாம்.

உடையின் அளவுகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உடலின் இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.; கோட்டு அந்த இடத்தில் நேராக வெட்டப்பட்டு 106 செ.மீ. இருக்கிறது. மேற்கையின் சுற்றளவு 30 செ.மீ., கோட்டுக் கையின் சுற்றளவு 38 செ.மீ. இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் உடைக்கு வேறு எண்கள் வரும். ஆனால் ஏதாவது ஓர் எண் கட்டாயம் இருக்க வேண்டும். ‘கொஞ்சம் தளர்வாக’ என்று மட்டும் நினைத்துக்கொண்டு தொடங்கினால், முழங்கையில் ஒரு தளர்வும் தோளில் வேறொரு தளர்வும் வந்து, ஒரே உடையின் இரண்டு பகுதிகள் இரண்டு உடைகளைப்போலத் தோன்றிவிடும்.

இடுப்பில் ஊன்றிய இடது முழங்கையிலிருந்து தொடங்குவோம். கோட்டுக் கையை ஒரு குழாயாக நினைத்துக்கொள்ளுங்கள். 38 செ.மீ. சுற்றளவுள்ள குழாயின் குறுக்களவு ஏறத்தாழ 12 செ.மீ. அந்தக் குழாய் செங்கோணமாக மடங்கும்போது, அதன் வெளிப்புற வளைவு உட்புற வளைவைவிட நீளமாகிறது. எவ்வளவு நீளம் என்பது குறுக்களவை 1.57-ஆல் பெருக்கினால் கிடைக்கும். நம் கோட்டில் அது சுமார் 19 செ.மீ. கை நேராக இருந்தபோது இரண்டு பக்கமும் ஒரே நீளமாக இருந்த துணி, மடக்கியதும் இத்தனை வித்தியாசத்தைச் சமாளித்தாக வேண்டும். மணிக்கட்டில் கைப்பட்டி சற்று மேலேறியும் சாய்ந்தும் 5 செ.மீ. அளவுக்கு ஈடுகொடுக்கும் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 14 செ.மீ. துணி முழங்கையின் உள்மடக்கில் எங்காவது ஒளிந்தாக வேண்டும்.

மடிப்புகளின் எண்ணிக்கையை இந்த 14 செ.மீ. தான் தீர்மானிக்கிறது. கனத்த பருத்தியில் ஒரு மடிப்பு 2 செ.மீ. உயரத்துக்கு எழுந்து நின்றால், அடியில் அது அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது, சுமார் 3 செ.மீ. துணியை விழுங்கும். ஆகவே நான்கு அல்லது ஐந்து மடிப்புகள் போதும். இதே கோட்டை மெல்லிய துணியில் தைத்திருந்தால் மடிப்பின் உயரம் 1 செ.மீ.க்கு மேல் போகாது. ஒவ்வொன்றும் ஒன்றரை செ.மீ. துணியையே விழுங்கும் என்பதால் ஒன்பது, பத்து மடிப்புகள் தேவைப்படும். இது தோராயம்தான், எண்ணி எண்ணி வரைய வேண்டியதில்லை. ஆனால் கனத்த துணியில் பத்துச் சிறு சுருக்கங்களையோ, மெல்லிய துணியில் இரண்டே பெரிய மடிப்புகளையோ போட்டால் பார்ப்பவர் மனத்துக்கு ஏன் உறுத்துகிறது என்பதற்கு இந்தக் கணக்கு காரணம் சொல்கிறது.

எண்ணிக்கை கிடைத்த பின் இருப்பிடம். நான்கு மடிப்புகளும் சமமானவை அல்ல. உள்மடக்கின் நடுவில் உள்ள மடிப்புதான் மற்றவற்றுக்கெல்லாம் பெரியது. மேற்கையின் துணி முன்கையின் துணிமேல் கவிந்து, நடுவில் ஒரு பை போன்ற பள்ளத்தை உண்டாக்கும். அதிலிருந்து மேலே போகப்போகவும் கீழே போகப்போகவும் மடிப்புகள் சிறுத்துக்கொண்டே போய்ச் சமதளத்தில் கரைந்துவிடும். எல்லாமே உள்மடக்கில் நெருக்கமாகத் தொடங்கி வெளிப்புறம் நோக்கி விசிறிபோல விரியும். ஆனால் எதுவும் முழங்கை முனையைத் தொடாது. அந்த முனையில் எலும்பு துணியைத் தள்ளி இறுக்கமாக்கி வைத்திருப்பதால், அங்கே மடிப்பதற்கு மிச்சத் துணியே இல்லை. முழங்கை முனையை மழமழவென்று விட்டுவிட்டு, அதிலிருந்து அக்குளின் பின்பக்கம் நோக்கி ஓடும் ஒன்றிரண்டு ஆழமற்ற இழுவைக் கோடுகளை மட்டும் வைத்தால் போதும்.

உள்மடக்கை இன்னும் நெருங்கிப் பார்த்தால் வேறொன்று தெரியும். அங்குள்ள மடிப்புகள் ஏணிப்படிகள்போல ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கப்பட்டிருக்கவில்லை. இரண்டு கைவிரல்களைக் கோத்தாற்போல, ஒன்று கையின் முன்விளிம்பிலிருந்து கிளம்பிப் பாதியில் முடிகிறது. அது முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே அடுத்தது பின்விளிம்பிலிருந்து கிளம்பி எதிர்த்திசையில் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் சாய்வான ஒரு தட்டைப்பரப்பு, கிட்டத்தட்ட வைர வடிவத்தில், அகப்பட்டுக்கொள்கிறது. ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி இரண்டு முனைகளையும் பிடித்து மெல்ல அழுத்தினால் இந்த வைரப்பரப்புகள் உங்கள் கண்முன்னே தோன்றும். துணியும் தாளும் வளையும், ஆனால் எளிதில் நீளாது. நீளாத ஒரு பரப்பைக் குழாயாக்கி அமுக்கினால் அது இப்படித்தான் ஒடிய முடியும். எனவே முழங்கைக்கு வளைகோடுகளைக்கொண்டு தொடங்காமல், இந்தத் தட்டையான சாய்சதுரங்களை முதலில் வரைந்துவிட்டு, பிறகு அவற்றின் விளிம்புகளைத் துணியின் கனத்துக்கேற்ப மழுக்குவதே நான் பின்பற்றும் முறை. மெல்லிய துணியானால் விளிம்பு கூராகவே இருக்கட்டும். நம் கோட்டுக்கு அது பென்சிலின் உருட்சி அளவுக்காவது மழுங்க வேண்டும்.

ஈர்ப்பு விசையையும் மறந்துவிடக் கூடாது. இடுப்பில் ஊன்றிய கையின் மேற்பகுதி வெளிப்புறமாகச் சரிந்து இறங்குகிறது. துணி அதன் மேல்பக்கத்தில் படிந்து கிடக்கும். மிச்சம் எல்லாம் அடிப்பக்கம் தொங்கும். ஆகவே அக்குளிலிருந்து முழங்கை உள்மடக்கு வரை, அடிப்பக்கத்தில் ஒரு தளர்ந்த வளைவு தொங்க வேண்டும். மேல்பக்க வெளிக்கோடு உடற்கூற்றைச் சொல்லும், அடிப்பக்க வெளிக்கோடு துணியைச் சொல்லும். இரண்டு கோடுகளையும் ஒரே மாதிரி வரைந்தால் கை ஒரு குழாயாக மிதக்கும்.

அடுத்தது தோள். இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது கை உடலோடு சேரும் தையல் எங்கே இருக்கிறது என்பதே. தனியாக வெட்டிப் பொருத்திய கையில், தோளின் மேல் உட்காரும் வளைந்த பகுதி உயரமாக வெட்டப்பட்டிருந்தால், கையைத் தொங்கவிடும்போது அது ஒரு சுருக்கமும் இல்லாமல் விழும். ஆனால் கையைத் தூக்கினால் உடை முழுவதையும் சேர்த்து இழுக்கும். அந்த வளைவு தாழ்வாக வெட்டப்பட்டிருந்தால் நேர்மாறாக, கை தொங்கும்போது அக்குள் அருகே மிச்சத் துணி மடிந்து கிடக்கும். தூக்கும்போது தாராளமாக இடம் கொடுக்கும். கழுத்திலிருந்தே சாய்வாகத் தையல் இறங்கும் கையானால் தோள்முனையில் மடிப்பை நிறுத்தத் தையலே இல்லை. மடிப்புகள் அக்குளிலிருந்து கழுத்தை நோக்கித் தடையின்றி ஓடும். புது உடையைக் கற்பனை செய்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு முடிவை எடுக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். அதனால் அவர்களுடைய தோள் மடிப்புகளில் பாதி ஒரு வெட்டுக்கும் மீதி இன்னொரு வெட்டுக்கும் உரியவையாக இருக்கின்றன.

நம் கோட்டில் உயரமான வளைவு என்று முடிவு செய்வோம். வலது கை மேலே போனதும் இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தோளின் மேல்பக்கத்தில், கழுத்துக்கும் தோள்முனைக்கும் இடையிலுள்ள தூரம் சுருங்கிவிடுகிறது. அங்கே இருந்த துணிக்குப் போக்கிடம் இல்லை. அது காலரை நோக்கி நெருக்கித் தள்ளப்பட்டு, இரண்டு மூன்று குட்டையான, ஆழமான மடிப்புகளாகிக் காலரின் அந்தப் பக்கத்தையே சற்று மேலே தூக்கிவிடும். அதே வேளையில் அக்குளின் கீழே எதிர்மாறாகத் துணி போதாமல் போகிறது. கைத்தையலின் அடிப்புள்ளி விலாவின் துணியை மேலே இழுக்க, அந்தப் புள்ளியிலிருந்து மார்பை நோக்கியும் இடுப்பை நோக்கியும் நீண்ட, ஆழமற்ற இழுவைக் கோடுகள் விரிந்து செல்லும். மேலே குட்டையும் ஆழமும், கீழே நீளமும் ஆழமின்மையும் என்ற இந்த வேறுபாடே உயர்த்திய கையை நம்பும்படி செய்கிறது. நெருக்கத்தில் பிறந்த மடிப்பு உருண்டு நிற்கும், இழுவையில் பிறந்த மடிப்பு நாண்போல நேராக ஓடும். இரண்டையும் ஒரே தூரிகை வீச்சில் வரையக் கூடாது.

இடது தோள் எளிது. கை பாதியளவே விலகியிருப்பதால் தையலுக்குச் சற்றுக் கீழே, கையின் மேல்பக்கத்தில், ஒரு மெல்லிய மடிப்பு. அக்குளின் முன்புறம் ஒரு சுருக்கம். முழங்கை உடலுக்கு முன்னால் தள்ளப்பட்டிருக்கிறதா, பின்னால் தள்ளப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். பின்னால் போயிருந்தால் மார்புத் துணி குறுக்கே இறுகிப் பொத்தான்களிலிருந்து இழுவைக் கோடுகள் கிளம்பும், முன்னால் வந்திருந்தால் அக்குளருகே செங்குத்தான நெரிசல் வரும்.

இனி இடுப்பு. கோட்டின் 106 செ.மீ. துணி 80 செ.மீ. பெல்ட்டுக்குள் அடங்க வேண்டும். மிச்சம் 26 செ.மீ. ஒரு மடிப்பு 2 செ.மீ. ஆழம் உள்ளே போய்த் திரும்பி வந்தால் 4 செ.மீ. செலவாகிறது. ஆக, சுற்றிலும் ஆறு அல்லது ஏழு மடிப்புகள். முன்பக்கம் நமக்குத் தெரிவது மூன்று, மிஞ்சிப் போனால் நான்கு. பெல்ட்டைச் சுற்றிச் சின்னச்சின்னக் கோடுகளை வேலிபோல நட்டு வைக்கும் பழக்கம் இந்தக் கணக்கைப் போட்ட அன்றே எனக்கு விட்டுப்போனது. அந்த மூன்று நான்கும் சம இடைவெளியில் வராது. நடுவிலுள்ள பொத்தான் பட்டி துணியின் பல அடுக்குகளால் ஆனது; அது மடங்க மறுக்கும். எனவே நடுப்பகுதி தட்டையாக இருக்க, மிச்சத் துணி அதன் இரு புறமும் ஒதுங்கும். அங்கேயும், ஒரு பக்கம் இரண்டு மடிப்புகள் ஒட்டிக்கொண்டும் மறுபக்கம் ஒன்று தனித்தும் இருப்பதே இயல்பு.

தோளில் நடந்ததை இங்கே மறக்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். வலது கை உயர்ந்தபோது விலாப்பக்கத் துணியை மேலே இழுத்தது அல்லவா? அந்தத் துணி பெல்ட்டுக்கு மேலே தளர்வாகக் கவிந்திருந்த மிச்சத்திலிருந்துதான் வந்தது. எனவே வலப்பக்கத்தில் பெல்ட்டுக்கு மேலே கவிவே இருக்கக் கூடாது. துணி அக்குளிலிருந்து பெல்ட் வரை நாணேற்றியதுபோல இறுகி, பெல்ட்டையும் அந்தப் பக்கம் சற்று மேலே இழுத்திருக்க வேண்டும். இடப்பக்கத்தில் எடை தாங்கும் கால் இடுப்பெலும்பை உயர்த்த, தோள் தாழ, நடுவிலுள்ள தூரம் குறைகிறது. அங்கே துணி கிடைமட்டமாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, பெல்ட்டின் விளிம்பை மறைக்கும் அளவுக்குக் கவிய வேண்டும். ஓரிடத்தில் செலவான துணியை இன்னோர் இடத்தில் குறைத்துக் காட்டுவதே கற்பனை உடையை நம்ப வைக்கிறது என்று நான் கருதுகிறேன். தனித்தனியாகப் பார்த்தால் அழகாக வரையப்பட்ட மடிப்புகள்கூட, கை தூக்கிய பக்கத்திலும் இறக்கிய பக்கத்திலும் ஒரே அளவு கவிவு இருந்தால், பொய்யாகவே நிற்கும்.

பெல்ட்டுக்குக் கீழே துணி தொங்குகிறது. அங்கு சொல்வதற்கு அதிகம் இல்லை. ஒவ்வொரு மடிப்பும் பெல்ட்டடியில் ஒடுங்கித் தொடங்கிக் கீழ்விளிம்பில் அகலும் கூம்பாக இருக்கும். கோட்டின் கீழ்விளிம்பு அந்தக் கூம்புகளின் குறுக்குவெட்டு என்பதால், மேலே எத்தனை மடிப்பு உண்டோ அத்தனை அலைகள் விளிம்பில் இருக்க வேண்டும். இடது கை இடுப்பை அழுத்தும் இடத்தில் மட்டும், உள்ளங்கையின் அடியிலிருந்து இரண்டு மூன்று குறுகிய மடிப்புகள் நாலாபக்கமும் சிதறும்.

வண்ணம் தீட்டும்போது இந்தக் கணக்கெல்லாம் சரியாக இருந்தும் கெட்டுப்போவதற்கு ஒரே காரணம்தான் மீண்டும் மீண்டும் கண்ணில் படுகிறது. மடிப்பைக் கோடாக நினைத்து, ஒரு கறுப்புப் பட்டையும் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பட்டையும் இழுத்துவிடுகிறார்கள். துணிமேல் புழுக்கள் ஊர்வதைப்போல இருக்கிறது. முதலில் மடிப்பே இல்லாமல் உடையை மட்டும் தீட்டுங்கள். கை ஓர் உருளை, மார்பு ஒரு பெரிய வளைந்த பரப்பு, பெல்ட்டுக்குக் கீழே ஒரு கூம்பு. இவற்றுக்கு ஒளியும் நிழலும் கொடுத்து முடித்த பிறகே மடிப்புகளைத் தொட வேண்டும். தொனியை, அதாவது ஒளி-இருள் அளவை, பத்துப் படிகளாகப் பிரித்துக் கறுப்பை 1 என்றும் வெள்ளையை 10 என்றும் வைத்தால், நம் கோட்டின் ஒளிப்பகுதி 7, நிழல்பகுதி 4 என்று கொள்ளலாம். ஒளிப்பகுதிக்குள் விழும் மடிப்புகள் 6-க்கும் 8-க்கும் இடையிலேயே நடமாட வேண்டும். நிழலுக்குள் உள்ளவை 3-க்கும் 5-க்கும் இடையில். அதற்குக் கீழே 2 என்ற இருட்டு, துணி துணியோடு உரசி வெளிச்சமே நுழைய முடியாத இடுக்குகளுக்கு மட்டும் உரியது. முழங்கையின் பெரிய பையின் ஆழத்தில் ஒன்று, பெல்ட்டின் அடியில் இரண்டு, அக்குளில் ஒன்று, இவ்வளவுதான்.

முழங்கையின் அந்தப் பெரிய மடிப்பை மட்டும் தீட்டுவதைச் சொல்கிறேன். வெளிச்சம் நமக்கு இடப்பக்கம் மேலிருந்து வருவதால், மடிப்பின் மேல்முகம் கையின் பொதுவான தொனியைவிட ஒரு படி வெளிச்சமாகிறது. அதைப் பெரிய தூரிகையால், மடிப்பு அகலும் திசையிலேயே தூரிகையும் அகலும்படி, ஒரே வீச்சில் வைக்கிறேன். அடிமுகம் அந்த மேல்முகத்தைவிட இரண்டு படி இருளாகிறது. மேல்முகம் அடிமுகமாகத் திரும்பும் முகட்டில் விளிம்பு மென்மையாக இருக்க வேண்டும். கனத்த துணி மெல்லத் திரும்புகிறது என்று பார்ப்பவருக்குச் சொல்வது அந்த மென்மையே. ஆனால் அடிமுகம் கீழேயுள்ள துணிமேல் வீழ்த்தும் நிழலின் விளிம்பு, மடிப்புக்கு அருகில் கூராகவும் தள்ளிப்போகப்போக மென்மையாகவும் இருக்க வேண்டும். பிறகு அடிமுகத்துக்குள் கீழேயிருந்து எதிரொளிக்கும் வெளிச்சத்துக்காக அரைப்படி தொனியைக் கூட்டுகிறேன். அது அந்தத் துணியின் நிறத்திலேயே, சற்று அடர்த்தியாக இருக்கும், சாம்பல் நிறமாக இருக்காது. கடைசியாக, மடிப்பு வெளிப்புறம் நோக்கிக் கரையும் முனையைச் சுற்றுப்புறத் தொனியில் முழுதாகக் கரைத்துவிடுகிறேன். ஒரு முனையில் கூராகவும் மறுமுனையில் காணாமலும் போகும் மடிப்பு உயிரோடு இருக்கிறது. இரு முனைகளிலும் கூராக முடிவது ஒட்டவைத்த பட்டையாகிவிடுகிறது.

வெளிச்சத்தின் திசைக்கு இணையாக ஓடும் மடிப்புகள் கிட்டத்தட்ட மறைந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலது அக்குளிலிருந்து மார்புக்குக் குறுக்கே ஓடும் இழுவைக் கோடுகளில், இடமிருந்து வலமாகக் கீழிறங்குபவை ஒளியோடு சேர்ந்தே ஓடுவதால் மங்கும். ஒளியை வெட்டிக்கொண்டு குறுக்கே போகும் மடிப்பு மட்டுமே பளிச்சென்று தெரியும். கணக்கிட்டு வைத்த எல்லா மடிப்பையும் சமமாகக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையை இங்கே விட்டுவிட வேண்டும்.

வரைந்து முடித்த பிறகு தவறைக் கண்டுபிடிக்க நான் நம்புவது இரண்டே சோதனைகளை. முதலாவது, ஓவியத்தின் மேல் தனி லேயரிலோ ஒளிபுகும் தாளிலோ, கோட்டுத் துணியில் குறுக்குக் கோடுகள் நெய்யப்பட்டிருப்பதாகக் கற்பனை செய்து, கையைச் சுற்றி ஐந்தாறு வளையங்கள் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு வளையமும் மடிப்பின்மேல் ஏறி, இடுக்கில் மறைந்து, சற்றுத் தள்ளி மீண்டும் வெளிவர வேண்டும். எந்த இடத்தில் வளையம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியவில்லையோ, அங்கே நீங்கள் தீட்டியது வெறும் நிழல்கறை. இரண்டாவது, எந்த மடிப்பைச் சுட்டிக் காட்டினாலும் அது எதில் தொடங்குகிறது, எதில் முடிகிறது என்று சொல்ல முடிய வேண்டும். அது எலும்பு முட்டும் இடத்திலோ, தையலிலோ, பெல்ட்டிலோ, நெரிசலிலோ பிறந்து, இன்னொரு பிடிமானத்திலோ சமதளத்திலோ முடிந்திருக்க வேண்டும். பிறப்பிடம் சொல்ல முடியாத மடிப்பைத் தயங்காமல் அழித்துவிடலாம். பெரும்பாலும் படம் அதனால் மேம்படுகிறது.

மாதிரி வைத்துச் சரிபார்க்க விரும்பினால், உங்கள் கற்பனை உடைக்கு நெருங்கிய கனமுள்ள ஏதாவது உடையைப் போட்டுக்கொண்டு அதே நிலையில் நின்று படம் எடுத்துப் பாருங்கள். வெட்டு மாறியிருந்தாலும் முழங்கை பெரும்பாலும் உதவும். பின்னலாடை பனியனைப் போட்டுக்கொண்டு கோட்டை வரையாதீர்கள். அது நீளும் துணி. நெய்த துணி மடிந்து சமாளிப்பதை அது நீண்டு சமாளித்துவிடும். சிறிய மரப்பொம்மைக்குக் கைக்குட்டையைப் போர்த்திப் பார்ப்பவர்களும் ஏமாறுகிறார்கள். பொம்மை முழ உயரத்துக்குச் சுருங்கியிருக்கிறது, துணியின் விறைப்பு சுருங்கவில்லை. அந்த அளவில் கைக்குட்டை ஜமக்காளம்போல நடந்துகொள்ளும். லியனார்டோ டா வின்சி இளமையில் களிமண் உருவங்கள் செய்து, அவற்றின்மேல் ஈரக் களிமண்ணில் நனைத்த மென்துணியைப் போர்த்தி, அதைப் பார்த்து வரைந்ததாக, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த வசாரி எழுதியிருக்கிறார். மெல்லிய துணியைத் தேர்ந்தெடுத்து நனைத்துக் கனமேற்றினால் சிறிய உருவத்திலும் அது படிந்து விழும். காய்ந்த பின் அசையாமல் நிற்பதால் நாள் கணக்கில் பார்த்தும் வரையலாம். இன்றும் நீர்த்த பசையில் நனைத்த மெல்லிய துணியைக்கொண்டு இதைச் செய்துகொள்ள முடியும்.

மேலே போட்ட கணக்கு புதிதாகத் தைத்த, நெய்த துணிக்குப் பொருந்தும். நம் கோட்டை அவர் பல ஆண்டுகளாக அணிந்து வருகிறார் என்றால் இன்னொன்றும் சேரும். அடிக்கடி மடங்கிய இடத்தில் கனத்த துணியும் தோலும் பழைய மடிப்பை நினைவில் வைத்திருக்கும். உயர்த்திய வலது கை முழுக்க நீட்டப்பட்டிருந்தாலும், அதன் முழங்கை முனையில் தேய்ந்து பிதுங்கிய சிறு பையும் உள்மடக்கில் இரண்டு மூன்று ஆழமற்ற பழைய கீறல்களும் அப்படியே இருக்கும். அவற்றை ஒளிப்பகுதிக்குள் அரைப்படி தொனி வித்தியாசத்துக்கு மேல் போகாமல் வையுங்கள். அதைவிட அழுத்தினால் அவை இப்போது மடங்கியிருக்கும் கையின் மடிப்புகளாகத் தெரியத் தொடங்கிவிடும்.